முட்டைக்கோசைச் சுமக்கும் முக்கோணம்

பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போயிருக்கிறீர்களா? பிரிஞ்சாங் பட்டணத்தைத் தாண்டி மேலே ஏறி, கியா பார்ம் சந்தையை நெருங்கும்போது வாகன நெரிசல் தொடங்கிவிடும். இன்னும் கொஞ்சம் போனால் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் குறுகலான பாதை. அதற்குள் உங்கள் காருக்கு முன்னால் பழைய லேண்ட் ரோவர் ஒன்றாவது கண்ணில் பட்டிருக்கும். பெயிண்ட் உதிர்ந்து, கதவு ஆட்டம் கண்டு, பின்பக்கம் முழுக்க முட்டைக்கோசுக் கூடைகளோடு முனகிக்கொண்டே ஏறும்.

அடுத்த முறை அப்படி ஒரு வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். குனிந்து, பின்சக்கரத்துக்கு உட்புறம் பாருங்கள். நீளமான எஃகுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, வில் போல வளைந்து நிற்கும். மேலே உள்ள பட்டை மிக நீளம். அதற்குக் கீழே உள்ளது கொஞ்சம் குட்டை. அதற்கும் கீழே இன்னும் குட்டை. இதுதான் பட்டை ஸ்பிரிங். வண்டியின் எடையும் கூடைகளின் எடையும் இதன் வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகின்றன.

லேண்ட் ரோவர் 1948-இல் அறிமுகமானது. அதன் முதல் மூன்று வரிசை வண்டிகளுக்கும் நான்கு மூலைகளிலும் இந்தப் பட்டை ஸ்பிரிங்தான். 1983-இல்தான் சுருள் ஸ்பிரிங் பொருத்திய வண்டி வந்தது. கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களின் செங்குத்தான மண் பாதைகளில் இன்றும் ஓடும் பழைய வண்டிகள் பல, அந்தப் பட்டை ஸ்பிரிங் காலத்தைச் சேர்ந்தவை.

இப்போது கேள்விக்கு வருவோம். பட்டைகள் ஏன் படிப்படியாகக் குட்டையாகின்றன? எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் வெட்டுவது எளிதாயிற்றே? அல்லது பத்து மெல்லிய பட்டைகளுக்குப் பதில் ஒரே ஒரு தடித்த பட்டை போட்டால் என்ன? இது வெறும் அறிவுக் கேள்வி மட்டுமல்ல. விடை தெரியாமல் பட்டறையில் ஒரு பட்டையைக் கூடுதலாகச் செருகிய வண்டி, மலை இறக்கத்தில் முழுச் சுமையோடு போகும்போது பட்டை முறிந்து நின்றுவிடலாம். எப்படி என்று பிறகு கணக்குப் போட்டே பார்ப்போம்.

சோம்பேறி எஃகு

ஒரு நீளமான அடிக்கோலை மேசை விளிம்பில் வைத்து, ஒரு முனையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை ஒரு விரலால் கீழே அழுத்துங்கள். அடிக்கோல் வளைகிறது. முறியுமென்றால் எந்த இடத்தில் முறியும்? மேசை விளிம்பில்தான். நுனியில் ஒருபோதும் முறியாது.

காரணம், திருப்புத்திறன். விரலின் விசை W என்றால், நுனியிலிருந்து x தூரத்தில் அடிக்கோலை வளைக்கும் திருப்புத்திறன் M = W × x. நுனியில் x சுழியம், எனவே வளைப்பும் சுழியம். நடுவில் பாதி. மேசை விளிம்பில் முழு அளவு. அடிக்கோலின் அகலமும் தடிமனும் எல்லா இடத்திலும் ஒன்றே என்பதால், உள்ளே எழும் தகைவும் இதே போல நுனியில் சுழியமாகத் தொடங்கி விளிம்பில் உச்சத்தைத் தொடுகிறது. தகைவு என்பது ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர் பொருளும் தாங்கும் விசை.

ஆக, விளிம்பருகே உள்ள பொருள் உயிரைக் கொடுத்து உழைக்கிறது. நுனிப்பக்கம் உள்ள பொருள் சும்மா இருந்து சம்பளம் வாங்குகிறது. அடிக்கோலுக்கு இது பரவாயில்லை. வண்டியின் ஸ்பிரிங்குக்கு இது பெரிய இழப்பு. அங்கே ஒவ்வொரு கிலோ எஃகும் குழிகளின் அதிர்ச்சியை வாங்கிச் சேமித்துத் திருப்பித் தர வேண்டும்.

எல்லா இடத்திலும் தகைவு சமமாக இருக்கும்படி ஒரு உத்திரத்தை அமைக்க முடியுமா? இந்தக் கேள்வியைக் கலிலியோ 1638-இல் வெளியிட்ட 'இரு புதிய அறிவியல்கள்' என்ற நூலிலேயே எழுப்பி, ஒரு விடையும் சொன்னார். அவருடைய விடைக்குக் கடைசியில் வருகிறேன். ஸ்பிரிங் செய்தவர்கள் பிடித்துக்கொண்ட விடை வேறு.

ஒரு பட்டை வளைப்பை எதிர்க்கும் வலிமை, அதன் அகலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அகலம் இரட்டித்தால் வலிமையும் இரட்டிக்கும். வளைக்கும் திருப்புத்திறனோ நுனியிலிருந்து உள்ள தூரத்துக்கு நேர்விகிதம். அப்படியானால் அகலத்தையும் நுனியிலிருந்து உள்ள தூரத்துக்கு நேர்விகிதத்தில் கூட்டிக்கொண்டே போனால்? நுனியில் அகலம் சுழியம், நடுவில் பாதி, பிடிமானத்தில் முழு அகலம். இது என்ன வடிவம் என்று உங்களுக்கே தெரியும். முக்கோணம்.

முக்கோணத் தகட்டின் நுனியில் சுமை வைத்தால், வளைப்பு கூடும் வேகத்திலேயே அகலமும் கூடுகிறது. எனவே தகைவு நுனியிலிருந்து பிடிமானம் வரை ஒரே அளவு. இத்தகைய உத்திரத்துக்குச் சீர்வலிமை உத்திரம் என்று பெயர். சோம்பேறி எஃகு அதில் கிடையாது.

வீட்டிலேயே செய்து பாருங்கள். தடித்த மணிலா அட்டையில் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். ஒன்று 4 சென்டிமீட்டர் அகலமுள்ள செவ்வகம். மற்றது 4 சென்டிமீட்டர் அடிப்பக்கம் கொண்ட முக்கோணம். இரண்டின் அடியையும் மேசை விளிம்பில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். நுனிகளில் ஒரே அளவான சிறிய எடையைத் தொங்கவிடுங்கள். ஒரு காகிதக் கிளிப் அல்லது இரண்டு போதும். பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள். செவ்வகம் மேசையருகே அதிகமாக வளைந்து, நுனிப்பக்கம் ஏறக்குறைய நேராக இருக்கும். முக்கோணமோ முழு நீளத்துக்கும் ஒரே சீராக, வட்டத்தின் ஒரு வில் போல வளையும். தகைவும் தடிமனும் எங்கும் ஒன்று என்றால் வளைவும் எங்கும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும். முக்கோணம் கூடுதலாகத் தாழ்வதையும் கவனியுங்கள். கணக்குப்படி செவ்வகத்தைப் போல ஒன்றரை மடங்கு தாழ வேண்டும். அட்டை சீராக இல்லாவிட்டால் கொஞ்சம் முன்பின் வரும்.

முக்கோணத்தைக் கீற்றாக்கினால்

முக்கோணம் நல்ல விடைதான். ஆனால் வண்டிக்கு அடியில் அதற்கு இடம் எங்கே? ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். எண்கள் கணக்குக்கு எளிதாக நானே எடுத்துக்கொண்டவை. எந்த ஒரு வண்டியின் அளவும் அல்ல. ஆனால் நீங்கள் பார்க்கும் ஸ்பிரிங்குகளிலிருந்து அதிகம் விலகியவையும் அல்ல.

ஸ்பிரிங்கின் மொத்த நீளம் 1,200 மில்லிமீட்டர். நடுவில் அது சக்கர அச்சோடு கட்டப்பட்டிருக்கிறது. எனவே இரு பக்கமும் 600 மில்லிமீட்டர் நீளமுள்ள இரண்டு கைகள். ஒரு ஸ்பிரிங்மீது 5,000 நியூட்டன் சுமை, அதாவது சுமார் 500 கிலோ எடை என்றால், ஒவ்வொரு கையின் நுனியிலும் 2,500 நியூட்டன். எஃகுத் தகட்டின் தடிமன் 6 மில்லிமீட்டர். இந்தச் சுமையை நியாயமான தகைவோடு தாங்க முக்கோணத்தின் அடிப்பக்கம் 600 மில்லிமீட்டர் அகலம் தேவை என்று வைத்துக்கொள்வோம். அறுபது சென்டிமீட்டர் அகலத் தகட்டைச் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் நுழைக்க முடியாது.

இங்கேதான் அந்தக் கெட்டிக்காரத்தனம். முக்கோணத்தை நீளவாக்கில் கீற்றுகளாக வெட்டுங்கள். நட்டநடுவில் 60 மில்லிமீட்டர் அகலமான ஒரு கீற்று. அதற்கு இரு பக்கமும் 30 மில்லிமீட்டர் அகலக் கீற்றுகள், இடம் ஒன்பது, வலம் ஒன்பது. இடது முதல் கீற்றையும் வலது முதல் கீற்றையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தால் 60 மில்லிமீட்டர் அகலமான இன்னொரு பட்டை கிடைக்கும். அது நடுக்கீற்றைவிட 60 மில்லிமீட்டர் குட்டை. அடுத்த ஜோடி இன்னும் 60 குட்டை. இப்படியே பத்துப் பட்டைகள். இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். லேண்ட் ரோவருக்கு அடியில் நீங்கள் பார்த்த படிக்கட்டு வடிவம் கண்முன் நிற்கும். அது அலங்காரம் அல்ல. மடித்து வைத்த முக்கோணம்.

ஒரு நிபந்தனை உண்டு. பட்டைகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தை வளைத்துப் பாருங்கள். பக்கங்கள் நழுவுவதால் எளிதாக வளைகிறது. அதே பக்கங்களைப் பசை போட்டு ஒட்டிவிட்டால் பலகையாகிவிடும். பட்டைகளும் அப்படித்தான். பத்தும் தனித்தனியாக வளைந்தால் விறைப்பு ஒரு பட்டையைப் போல பத்து மடங்கு. பத்தும் ஒன்றாக இறுகி 60 மில்லிமீட்டர் தடிமனான ஒரே கட்டியானால், விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயர்ந்து ஆயிரம் மடங்காகும்.

மலைப்பகுதிக்கு இது முக்கியம். கேமரன் மலையில் ஆண்டு முழுக்க மழை, மூடுபனி, சேறு. பட்டைகளுக்கு இடையே துரு ஏறினால் அவை ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். முழுதாக ஒட்டிக்கொள்ளாவிட்டாலும் உராய்வு கூடிவிடும். சிறிய குழிகளில் ஸ்பிரிங் அசையவே அசையாது. வண்டி பலகைமேல் உட்கார்ந்தது போலத் தட்டும். கொஞ்சம் உராய்வு நல்லதுதான். குழியில் விழுந்த பிறகு வண்டி ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்காமல் அது தடுக்கிறது. அளவு மீறினால்தான் தொல்லை. பட்டைகளைக் கழற்றிச் சுரண்டி, கிரீஸ் தடவி மாட்டுவது இதற்காகத்தான்.

கணக்குச் சொல்லும் கதை

நம் ஸ்பிரிங்கின் தகைவு எவ்வளவு? பத்துப் பட்டைகளின் மொத்த அகலம் 600 மில்லிமீட்டர். செவ்வக வெட்டுமுகத்துக்குத் தகைவு = 6 × W × L ÷ (அகலம் × தடிமன்²). அதாவது 6 × 2,500 × 600-ஐ 600 × 36-ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 417 மெகாபாஸ்கல். ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் 417 நியூட்டன். கடினப்படுத்திய ஸ்பிரிங் எஃகு 1,000 மெகாபாஸ்கலுக்கு மேல் போனால்தான் நிரந்தரமாக வளையத் தொடங்கும். எனவே நிற்கும் வண்டிக்கு இது நிம்மதியான அளவு.

எவ்வளவு தாழும்? முக்கோண உத்திரத்தின் தாழ்வு δ = 6 × W × L³ ÷ (E × மொத்த அகலம் × தடிமன்³). E என்பது எஃகின் யங் குணகம், 2,00,000 மெகாபாஸ்கல் என்று எடுத்துக்கொள்ளலாம். கணக்கிட்டால் 125 மில்லிமீட்டர் வரும். ஏறக்குறைய அரைச் சாண்.

இப்போது அந்த இன்னொரு கேள்வி. ஒரே தடித்த பட்டை போட்டால் என்ன? அதே 60 மில்லிமீட்டர் அகலம், முழு நீளத்துக்கும் ஒரே அளவு, உச்சத் தகைவும் அதே 417 என்று வைத்துக் கணக்கிட்டால் 19 மில்லிமீட்டர் தடிமன் போதும். எடையும் குறைவு, சுமார் 11 கிலோ. நம் பட்டை அடுக்கோ 17 கிலோ. அப்படியானால் தடித்த பட்டைதானே சிக்கனம்? அவசரப்படாதீர்கள். அது எவ்வளவு தாழும் என்று பாருங்கள். வெறும் 26 மில்லிமீட்டர். சுமையைத் தாங்கிவிடும், ஆனால் ஸ்பிரிங் வேலை செய்யாது. சக்கரம் கல்லில் ஏறும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி நேராகச் சட்டத்துக்கும், கூடையிலுள்ள தக்காளிக்கும், ஓட்டுநரின் முதுகெலும்புக்கும் போகும்.

ஸ்பிரிங்கின் வேலை சுமையைத் தாங்குவது மட்டுமல்ல, ஆற்றலைச் சேமிப்பது. நம் அடுக்கு 5,000 நியூட்டன் சுமையில் ஏறக்குறைய 312 ஜூல் சேமிக்கிறது. தடித்த பட்டை 66 ஜூல் மட்டுமே. ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். அடுக்கில் 18 ஜூல், தடித்த பட்டையில் 6 ஜூல். மூன்று மடங்கு. சோம்பேறி எஃகை வெளியேற்றியதற்குக் கிடைத்த கூலி அது.

தடித்த பட்டையின் சூழ்ச்சி

இனி ஆரம்பத்தில் சொன்ன ஆபத்துக்கு வருவோம். இதற்கு ஒரு சிறிய சூத்திரம் தேவை. பயப்பட வேண்டாம், அதை நாமே உருவாக்கலாம்.

ஒரு பட்டை R ஆரமுள்ள வட்டவில்லாக வளைகிறது. அதன் நடுத்தளம் நீளாது, சுருங்காது. மேற்பரப்பு நடுத்தளத்திலிருந்து பாதித் தடிமன், அதாவது t/2 தள்ளி இருப்பதால் கொஞ்சம் நீள்கிறது. எவ்வளவு விகிதத்தில்? t/2-ஐ R-ஆல் வகுத்த அளவு. அதை யங் குணகத்தால் பெருக்கினால் தகைவு. வட்டவில்லின் வடிவியலிலிருந்து, தாழ்வு சிறிதாக இருக்கும்போது R = L² ÷ 2δ. இரண்டையும் சேர்த்தால்:

σ = E × t × δ ÷ L²

நம் எண்களைப் போட்டுப் பாருங்கள். 2,00,000 × 6 × 125 ÷ 3,60,000. மீண்டும் அதே 417.

இந்தச் சூத்திரத்தில் எது இருக்கிறது என்பதைவிட எது இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. சுமை இல்லை. அகலம் இல்லை. பட்டைகளின் எண்ணிக்கையும் இல்லை. ஒரு பட்டையின் தகைவைத் தீர்மானிப்பவை அதன் தடிமனும் அது எவ்வளவு தாழ்கிறது என்பதும் மட்டுமே. அடுக்கிலுள்ள எல்லாப் பட்டைகளும் சேர்ந்துதான் தாழ்கின்றன. எனவே யார் தடிமனோ அவருக்கே அதிகத் தகைவு.

இப்போது ஒரு தோட்டக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். விளைச்சல் நன்றாக இருக்கிறது. இன்னும் பத்துக் கூடை ஏற்ற வேண்டும். ஆனால் வண்டியின் பின்பக்கம் தரையைத் தொடுவது போல அமிழ்கிறது. பட்டறையில் பழைய லோரி ஸ்பிரிங்கிலிருந்து கழற்றிய 10 மில்லிமீட்டர் தடிமனான பட்டை ஒன்று கிடக்கிறது. அதை அளவாக வெட்டி அடுக்கில் செருகிவிடுகிறார்கள். வண்டி நிமிர்ந்துவிட்டது. எல்லாருக்கும் மகிழ்ச்சி.

விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயரும் என்பதால், அந்த ஒரு தடித்த பட்டை நம் மெல்லிய பட்டைகளில் ஏறக்குறைய நாலரை பட்டைக்குச் சமம். எனவே முன்பு 5,000 நியூட்டனில் 125 மில்லிமீட்டர் தாழ்ந்த ஸ்பிரிங், இப்போது 7,300 நியூட்டன் ஏற்றினால்தான் அந்த அளவு தாழும். தோட்டக்காரர் 7,300 ஏற்றுகிறார். வண்டி பழைய உயரத்திலேயே நிற்கிறது. பழைய பட்டைகளில் தகைவும் பழையபடி 417-தான். எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரிகிறது.

ஆனால் புதிய பட்டையில்? அதே 125 மில்லிமீட்டர் தாழ்வு, தடிமன் 10. சூத்திரம் 694 மெகாபாஸ்கல் என்கிறது. இது நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு. ஒரு குழியில் இறங்கும்போது ஸ்பிரிங் மொத்தம் 200 மில்லிமீட்டர் தாழ்ந்து, சட்டத்திலுள்ள ரப்பர்க் கட்டையில் முட்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய பட்டைகளில் தகைவு 667. தடித்த பட்டையில் 1,111. அந்த ரப்பர்க் கட்டையின் இடம் 6 மில்லிமீட்டர் பட்டைகளை மனத்தில் வைத்துத் தீர்மானிக்கப்பட்டது. 10 மில்லிமீட்டர் பட்டை அந்த எல்லைக்கு வருவதற்குள் தன் எல்லையைத் தாண்டிவிடுகிறது.

ஒரே குழியில் முறிந்துவிடும் என்று சொல்லவில்லை. கம்பியை மாறி மாறி வளைத்து ஒடிப்பீர்களே, அதுபோல ஆயிரக்கணக்கான குழிகளுக்குப் பிறகு எங்கோ ஒரு மயிரிழை விரிசல் தொடங்கும். உதவிக்கு வந்தவர்தான் முதலில் விழுவார். விழுந்தவுடன் அவர் சுமந்த பங்கும் பழைய பத்துப் பட்டைகள்மேல் இறங்கும். அப்போது 7,300 நியூட்டனையும் அவையே தாங்க வேண்டும். தகைவு 417-லிருந்து 610 மெகாபாஸ்கலுக்கு ஒரே நொடியில் ஏறும்.

சரியான வழி என்ன? அதே 6 மில்லிமீட்டர் தடிமனில், முக்கோணத்தின் படிக்கட்டு கெடாதபடி நீளம் பார்த்துக் கூடுதல் பட்டைகள் சேர்ப்பது. ஐந்து சேர்த்தால் அந்தத் தடித்த பட்டைக்கு மேலான விறைப்பு கிடைக்கும், எந்தப் பட்டைக்கும் தனியாகத் தண்டனை இல்லை. கனம் கூடும், செலவும் கூடும். அதோடு அச்சு, பிரேக், டயர் ஆகியவை அந்தக் கூடுதல் சுமைக்குச் செய்யப்பட்டவை அல்ல என்பது இன்னொரு வழக்கு.

முக்கோணம் முடியும் இடம்

நம் கணக்கு ஓர் இலட்சிய ஸ்பிரிங்குக்கானது. உண்மையான ஸ்பிரிங் இரண்டு இடங்களில் முக்கோணத்தை விட்டு விலகுகிறது. இரண்டும் கவனிக்க வேண்டியவை.

முதலாவது நுனி. முக்கோணத்தின் நுனி ஊசிமுனை. ஊசிமுனையில் வண்டியை மாட்ட முடியாது. எனவே மேல் பட்டை முழு அகலத்தோடு கடைசிவரை போய், நுனியில் சுருட்டப்பட்டுக் காது போல ஒரு வளையமாகிறது. அதில்தான் ஊசி கோத்துச் சட்டத்தோடு இணைக்கிறார்கள். ஒரு காது நேராக மாட்டப்பட்டிருக்கும். மறு காது ஷேக்கல் என்ற ஆடும் இணைப்பில் தொங்கும். வில் நிமிரும்போது அதன் இரு முனைகளும் விலகுகின்றன அல்லவா? அந்த விலகலுக்கு இடம் கொடுக்கத்தான் ஷேக்கல். மேல் பட்டை பாதைத் தடையின் இழுப்பையும் பக்கவாட்டுத் தள்ளலையும் கூடத் தாங்க வேண்டியிருக்கிறது. அதன் பாரத்தைக் குறைக்க ஒரு தந்திரம் செய்கிறார்கள். கீழ்ப் பட்டைகளைக் கொஞ்சம் அதிகமாக வளைத்துச் செய்வார்கள். கழற்றி வைத்தால் பட்டைகளுக்கு இடையே இடைவெளி தெரியும். நடு போல்ட்டை முறுக்கி இறுக்கும்போது மேல் பட்டை எதிர்த்திசையில் சற்று வளைக்கப்படுகிறது. சுமை வரும்போது அது முதலில் அந்த எதிர்வளைவைக் கழித்துவிட்டுத்தான் உழைக்கத் தொடங்கும்.

இரண்டாவது நடுப்பகுதி. எல்லாப் பட்டைகளையும் சேர்த்துக் கோக்க நடுவில் ஒரு துளை போட்டு போல்ட் செருகுகிறார்கள். 60 மில்லிமீட்டர் பட்டையில் 10 மில்லிமீட்டர் துளை என்றால் அந்த இடத்தில் அகலம் 50-ஆகிவிடும். துளையின் ஓரத்தில் தகைவு இன்னும் குவியும். திருப்புத்திறன் உச்சத்தில் இருக்கும் இடத்தில் போயா துளை போடுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் அச்சோடு சேர்த்து இரண்டு யு-போல்ட்டுகளால் நடுப்பகுதியை நெருக்கிக் கட்டுகிறார்கள். இறுக்கம் சரியாக இருந்தால் இரண்டு யு-போல்ட்டுகளுக்கு இடையேயான பகுதி வளைவதே இல்லை. துளையும் பாதுகாப்பாக இருக்கும். யு-போல்ட் தளர்ந்தால் வளைவு துளைவரை ஊடுருவும். பட்டை அங்கேயே இரண்டாகும். நடு போல்ட்டும் வெட்டுப்பட்டால் அச்சு முழுதாக நகர்ந்து, வண்டி நண்டு போல ஒரு பக்கம் சாய்ந்து ஓடும். கியா பார்மிலிருந்து கீழே இறங்கும் வளைவுகளில் அது எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டு. சமதரையில் நிற்கும்போது வண்டி ஒரு மூலையில் சாய்ந்திருந்தால், அந்தப் பக்க ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும். பட்டைகளின் ஓரங்கள் ஒரே வரிசையில் இல்லாமல் ஒன்று துருத்தியிருந்தால், அது முறிந்து விலகியிருக்கலாம். விரிசலின் ஓரத்தில் செம்மையான துருக்கோடு கசிந்திருக்கும். சேற்றைக் கழுவினால்தான் அது தெரியும். விரிசலைத் தேட வேண்டிய பரப்பு பட்டையின் மேற்பக்கம். சுமை வில்லை நிமிர்த்தும்போது மேற்பரப்புதான் இழுக்கப்படுகிறது, விரிசல் திறப்பது இழுவிசையில்தான். சுமை இல்லாதபோதும் ஸ்பிரிங் தட்டையாகவே கிடந்தால், எஃகு எப்போதோ தன் எல்லையைத் தாண்டி நிரந்தரமாக வளைந்துவிட்டது என்று பொருள்.

முறிந்த பட்டைக்கும் ஒரு மறுவாழ்வு உண்டு. நம் நாட்டில் நல்ல பாராங் கத்திகளும், தமிழ்நாட்டில் அரிவாள்களும் பழைய லோரிப் பட்டைகளிலிருந்து அடிக்கப்படுகின்றன. ஸ்பிரிங்காக இருந்தபோது அதற்குத் தேவைப்பட்ட கடினமும் முறியாத் தன்மையும் கத்திக்கும் தேவைதானே.

கலிலியோவின் விடையைச் சொல்வதாகச் சொன்னேன். அவர் அகலத்தை மாற்றவில்லை. அகலம் ஒன்றே, தடிமனை மாற்றினார். வளைப்பை எதிர்க்கும் வலிமை தடிமனின் இருமடிக்கு ஏற்ப உயரும். எனவே நுனியிலிருந்து நான்கு மடங்கு தூரத்தில் இரு மடங்கு தடிமன் இருந்தால் தகைவு சமம். பக்கவாட்டில் பார்த்தால் அது ஒரு பரவளைவு. அவர் காலத்துக்குப் பின் நெடுநாள் இது வடிவியல் பயிற்சியாகவே இருந்தது. நடுவில் தடித்து நுனியில் மெலியும்படி எஃகுப் பட்டையை உருட்டி எடுப்பது எளிதல்ல. ஒரே தடிமனான தகட்டை வெட்டுவதே மலிவு. முக்கோணம் வென்றது அதனால்தான்.

இன்றோ அத்தகைய பட்டைகளை உருட்டும் ஆலைகள் இருக்கின்றன. புதிய லோரிகள் பலவற்றில் பத்துப் பட்டைகளுக்குப் பதில் இரண்டோ மூன்றோ தடித்த பட்டைகள்தான். ஒவ்வொன்றும் நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து, இடையில் இடைவெளியோடு நிற்கும். பரவளைவு ஸ்பிரிங் என்று பெயர். பட்டைகள் முனையிலும் நடுவிலும் மட்டுமே தொடுவதால் இடையில் துரு கவ்வுவதற்கு வாய்ப்புக் குறைவு. பழைய லேண்ட் ரோவர்களுக்கும் இவை கிடைக்கின்றன. எனவே கியா பார்ம் நெரிசலில் குனிந்து பார்க்கும்போது எண்ணிப் பாருங்கள். பத்துப் பட்டை இருந்தால் முக்கோணம். இரண்டு மூன்றுதான் இருந்து, நடுவே வெளிச்சம் தெரிந்தால், அது கலிலியோவினுடையது.